யாரும் தண்ணி ஊத்தல, அப்புறம் ஏன் டேங்க் பொங்குது?

அண்ணா, வணக்கம். நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு கம்பெனியில பாய்லர் செக்‌ஷன்ல இருக்கேன். போன வாரம் பயர் டிரெய்னிங்ல ஒரு வீடியோ போட்டாங்க. ஆயில் டேங்க் மணிக்கணக்கா அதுபாட்டுக்கு எரிஞ்சிகினு கீது, திடீர்னு மொத்தமும் வானத்துக்கு எகிறுது. எரியிற எண்ணெயில தண்ணி ஊத்தக்கூடாதுன்னு தெரியும், ஆனா அங்க யாருமே டேங்குக்குள்ள தண்ணி அடிக்கல. அப்புறம் எப்டிண்ணா? எங்க பர்னஸ் ஆயில் டேங்குக்கும் இப்டி ஆவுமா?
– ஒரு வாசகர், வாலாஜா

தம்பி, தண்ணி முதல்லருந்தே உள்ளதான் இருந்துச்சு. எந்த எண்ணெய் டேங்கை எடுத்தாலும் அடியில கொஞ்சம் தண்ணி நிக்கும், கச்சா எண்ணெயோடவே வர்றது, மழையில இறங்குறது, ராத்திரி குளிர்ல உள்ள வேர்த்து சொட்டுறதுன்னு பல வழி. எண்ணெயைவிட கனம்ங்கிறதால அடியில போய் படுத்துக்கும், மேல தீ எரிஞ்சாலும் அது பாட்டுக்கு ஜில்லுனு இருக்கும்.

நீ கேக்கற விஷயம் அந்த இடைப்பட்ட மணி நேரத்துலதான் நடக்குது. கச்சா எண்ணெய், பர்னஸ் ஆயில் இதெல்லாம் ஒரே சரக்கு இல்ல, லேசானதும் கனமானதும் கலந்தது. மேல்மட்டத்துல லேசானது ஆவியாகி எரிஞ்சு போயிடும், கனமானது நல்லா சூடேறி மிஞ்சும், அது கீழ இருக்கற எண்ணெயைவிட கனமாயிடறதால சூட்டோடவே கீழ இறங்கும், கீழ இருக்கற லேசானது மேல வந்து எரியும், அது எரிய எரிய சூடான அடுக்கு தடிச்சுகிட்டே போகும். அதோட சூடு 150 டிகிரிக்கு மேல, 300 வரைக்கும்கூட போகலாம். எண்ணெய் எரிஞ்சு மட்டம் குறையற வேகத்தைவிட இந்த அடுக்கு இறங்கற வேகம் அதிகம், மணிக்கு சுமாரா அரை மீட்டர்லருந்து ஒரு மீட்டர், சில சமயம் அதுக்கு மேலயும். பெட்ரோல்ல கனமான மிச்சம் இல்லாததால இந்த மாதிரி தடியான அடுக்கு உருவாகாது.

அந்த அடுக்கு அடித் தண்ணியைத் தொடற நிமிஷம்தான் பாய்லோவர். மேல எண்ணெயோட பாரம் அழுத்தறதால தண்ணி 100 டிகிரியிலயும் கொதிக்காம அதைத் தாண்டி சூடேறும், அப்புறம் ஒரே வீச்சுல ஆவியாகும். தண்ணி ஆவியானா சுமார் 1700 மடங்கு பெருசாகும். கெட்டியான எண்ணெய்க்குள்ள மாட்டின ஆவிக்கு வெளிய போக வழி இல்ல, அதனால மேல இருக்கற எண்ணெய் மொத்தத்தையும் நுரையாக்கித் தள்ளிட்டு வருது.

வெனிசுலாவுல கராகஸ் பக்கத்துல தகோவா மின் நிலையம், 1982 டிசம்பர் 19. சூடுபண்ணி வச்சிருந்த பர்னஸ் ஆயில் டேங்க்ல காலையில தீ பிடிச்சது, சுமார் ஆறு மணி நேரம் எரிஞ்சுது, பெருசா எதுவும் ஆகலயேன்னு பயர்மேன், பத்திரிகைக்காரங்க, வேடிக்கை பாக்க வந்த ஜனம் எல்லாரும் கிட்டவே நின்னாங்க. மத்தியானம் பொங்குச்சு, 150 பேருக்கு மேல செத்தாங்க. அந்த டேங்க் சுமார் 55 மீட்டர் அகலம், 17 மீட்டர் உயரம். இப்ப கணக்கு போட்டுப் பாரு. 17 மீட்டர்னா 1700 சென்டிமீட்டர், அப்ப அடியில ஒரே ஒரு சென்டிமீட்டர் தண்ணி முழுசா ஆவியானாலே அந்த டேங்க் முழுக்க அடைக்கற அளவு ஆவி வந்துடும்! அதனாலதான் ‘அடியில கொஞ்சம் தண்ணிதானே’ன்னு யாராச்சும் சொன்னா எனக்கு கோவம் வருது.

மேலருந்து தண்ணி அடிச்சா வர்றது ஸ்லோபோவர், அது வேற. பஜ்ஜி எண்ணெயில ஈரக்கரண்டி விட்டா சடசடன்னு தெறிக்குதே, அதே சங்கதிதான். சூடான மேல்மட்டத்துக்குள்ள தண்ணி இறங்கி அங்கயே ஆவியாகி, மேல இருக்கற எண்ணெய் நுரைச்சு விளிம்பு வழியா வழியும். பாய்லோவர் அளவுக்கு மோசம் இல்லன்னாலும் பக்கத்துல நிக்கற ஆளுக்கு அது போதும். தீயணைக்க அடிக்கற போம் நுரையிலயும் பெரும்பங்கு தண்ணிதான், அதனால ரொம்ப நேரம் எரிஞ்ச டேங்க்ல போம் அடிச்சாலும் இப்படி வழியலாம், அடிக்கறதா இருந்தா சீக்கிரமே அடிக்கணும்.

சூட்டு அடுக்கு எவ்ளோ இறங்கியிருக்குன்னு பாக்க தெர்மல் கேமரா வைப்பாங்க, இல்லன்னா டேங்க் சுவத்து மேல, வெளிப்பக்கமா, தண்ணி பீச்சிப் பாப்பாங்க, எந்த உயரத்துல சட்டுனு ஆவியாகுதோ அதுதான் கோடு. ஆனா இதை நம்பி கிட்ட நிக்க முடியாது, அடுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்துல இறங்காது. தீ திடீர்னு பெருசாகறது, வறுக்கற மாதிரி சத்தம் கேக்கறது எல்லாம் அறிகுறிதான், ஆனா அப்ப ஓட நேரம் இருக்காது. டேங்க் அகலத்தைப் போல 5லருந்து 10 மடங்கு தூரம் முன்கூட்டியே காலி பண்ணிடணும்.

உங்க டேங்க் விஷயம். தகோவாவுல பொங்கினதும் பர்னஸ் ஆயில்தான், அதனால வராதுன்னு நான் சொல்லமாட்டேன். உங்க டேங்க்ல எண்ணெயை சூடுபண்ற ஸ்டீம் காயில் இருந்தா முதல்ல அதைப் பாரு, காயில்ல ஒரு ஓட்டை விழுந்தா தண்ணி தினமும் அடியில சேரும். தண்ணி மட்டம் பாக்க டிப் டேப் முனையில வாட்டர் ஃபைண்டிங் பேஸ்ட் தடவி இறக்கினா, கலர் மாறின உயரம் வரைக்கும் தண்ணி. அடித் தண்ணியை டிரெயின் பண்ணி வெளியேத்தின மறுநாளே மறுபடி மட்டம் ஏறியிருந்தா காயில் மேலதான் சந்தேகப்படணும், உங்க இன்சார்ஜ் கிட்ட அந்த ரெண்டு ரீடிங்கையும் காட்டு.