மோட்டார் ஓடுது, தொட்டி நிரம்பலை: கேள்வி பதில்

தாம்பரத்திலிருந்து: சார், சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு அரை எச்.பி. மோட்டார். ஆயிரம் லிட்டர் தொட்டி முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மோட்டார் பழசாகிவிட்டதா?

ஒரேயடியாகக் குறைந்ததா, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் குறைந்தது என்றால் என் முதல் சந்தேகம் மோட்டார் மேல் இல்லை, சம்ப்புக்குள் உறிஞ்சும் பைப்பின் அடி முனையில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வின் சல்லடை மேல்தான்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டார் பக்கத்து யூனியனைக் கழற்றி, சக்‌ஷன் பைப்பை அப்படியே மேலே தூக்குங்கள். பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்: சல்லடையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு பாசிப் படலம், அதில் ஒட்டிக்கொண்ட வேப்பிலைக் காம்புகள், ஓட்டைகளில் சிக்கிய டெஃப்லான் டேப் துணுக்கு. பிரஷ்ஷால் தேய்த்தாலே முக்கால்வாசி போய்விடும். உப்புத் தண்ணீர் வீடென்றால் ஓட்டைகளை வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்திருக்கும். அது பிரஷ்ஷுக்கு மசியாது. சல்லடையை ஒரு இரவு வினிகரில் ஊறப்போட்டுக் குச்சியால் குத்தி எடுங்கள்.

திரும்ப மாட்டும்போது இரண்டு விஷயம். வால்வு சம்ப்பின் தரையைத் தொடக்கூடாது, முக்கால் அடியாவது மேலே நிற்கட்டும். இல்லாவிட்டால் அடியில் படிந்த சேற்றைத்தான் முதலில் இழுக்கும். இரண்டாவது, பைப்பில் தண்ணீர் நிரப்பிச் சற்று நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் வால்வுக்குள் இருக்கும் ரப்பரும் போய்விட்டது என்று அர்த்தம், வால்வையே மாற்றிவிடலாம்.

கோவையிலிருந்து: எங்களுடையது புது வீடு, முதல் நாளிலிருந்தே மெதுவாகத்தான் ஏறுகிறது. அரை எச்.பி., ஆயிரம் லிட்டருக்கு 50 நிமிடம். சல்லடை சுத்தம். தொட்டி மோட்டாரிலிருந்து 11 மீட்டர் உயரத்தில். பைப் முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி., வீட்டைச் சுற்றி வந்து ஏறுவதால் 45 மீட்டர் நீளம், பன்னிரண்டு எல்போ. ஒரு எச்.பி. மாற்றிவிடச் சொல்கிறார் பிளம்பர். மாற்றலாமா?

வேண்டாம். உங்களுக்குக் குறை பைப்பில் இருக்கிறது. முக்கால் இஞ்ச் என்று பெயர், ஆனால் அந்த சி.பி.வி.சி. பைப்பின் உள் அகலம் சுமார் 18 மி.மீ.தான். 50 நிமிடத்தில் ஆயிரம் லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். அந்தக் குழாயில், அந்த நீளத்துக்கு, எல்போக்களையும் சேர்த்தால் உரசலிலேயே ஏறத்தாழ 7 மீட்டர் போய்விடுகிறது. ஆக, மோட்டாருக்கு உங்கள் வீடு 11 மீட்டர் உயரமில்லை, 18 மீட்டர் உயரம்.

இப்போது பிளம்பர் சொல்வதுபோல் பெரிய மோட்டார் போட்டு இதே பைப்பில் 40 லிட்டர் தள்ளப் பார்த்தால், உரசல் இரண்டு மடங்காவதோடு நிற்காது, மூன்றரை மடங்குக்கு மேல் போகும். 7 மீட்டர் 25 ஆகிவிடும். கரண்ட் பில் ஏறும், ஜாயின்ட்டுகள் அழுத்தம் தாங்க வேண்டியிருக்கும், தண்ணீரோ எதிர்பார்த்த அளவு வராது.

அதே மோட்டாரை வைத்துக்கொண்டு, உள் அகலம் 27 மி.மீ. அளவுள்ள ஒரு இஞ்ச் பி.வி.சி. போட்டால், அந்த 20 லிட்டருக்கு உரசல் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். எதிர்ப்பு குறைந்ததும் மோட்டார் தானாகவே கூடுதலாகத் தள்ளும். எவ்வளவு என்பது உங்கள் பம்ப்பைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 35 லிட்டர் வந்தால் தொட்டி அரை மணிக்குள் நிரம்பும். வீட்டைச் சுற்றாமல் குறுக்கே ஏற்ற வழியிருந்தால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: பாதியை மட்டும் மாற்றிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லாதீர்கள். மிச்சமிருக்கும் பாதி அதன் பங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

மதுரையிலிருந்து: இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓஸ் முனையைக் கட்டை விரலால் அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பாய்கிறதே? பைப் சின்னதாக இருந்தால்தானே பிரஷர் ஏறி மேலே போகும்?

பாதி சரி அண்ணே. வேகம் கூடுவது உண்மை. ஆனால் விரலை வைத்தபடியே ஒரு வாளியை நிரப்பிப் பாருங்கள், விரலை எடுத்துவிட்டும் நிரப்பிப் பாருங்கள். எது முதலில் நிரம்புகிறது? தொட்டிக்கு வேண்டியது பாய்ச்சல் இல்லை, லிட்டர்.

திருச்சியிலிருந்து: எங்கள் வீட்டிலும் மெதுவாகத்தான் வருகிறது, முக்கியமாக மாடி பாத்ரூம் ஷவரில். ஃபுட் வால்வை மாற்றினால் சரியாகுமா?

உங்களுடையது வேறு சமாச்சாரம். ஷவருக்குத் தண்ணீர் தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது, அதில் மோட்டாருக்கு வேலையே இல்லை. மாடி பாத்ரூமுக்கும் தொட்டிக்கும் உயர வித்தியாசம் குறைவு, அதனால் அழுத்தமும் குறைவாகத்தான் இருக்கும். ஷவர் தலையைக் கழற்றி உப்பு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

சேலத்திலிருந்து: சார், சல்லடையா பைப்பா என்று எதையும் கழற்றாமல் கண்டுபிடிக்க முடியாதா?

முடியும். மோட்டாரை விட்டு வெளியே வரும் டெலிவரி பைப்பில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். கேஜில் ஒரு கிலோ என்றால் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கோவைக்காரர் வீட்டில் மோட்டார் ஓடும்போது முள் 1.8 காட்டும். உயரத்துக்கு 1.1, மிச்சம் 0.7 முழுக்க உரசல். நேரம் அதிகம், முள்ளும் அதிகம் என்றால் தடை டெலிவரி பக்கம். நேரம் அதிகம், ஆனால் முள் 1.1-ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் டெலிவரி பைப்பில் தடை இல்லை, பெரும்பாலும் மோட்டாருக்கே தண்ணீர் வந்து சேரவில்லை. அப்போது முதலில் சல்லடையைப் பாருங்கள். மோட்டாரில் கூழாங்கல் உருளும் மாதிரி சத்தமும் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

நிறுத்திய பிறகும் முள்ளைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட 1.1-ல் நின்றால் ஃபுட் வால்வு பிடித்திருக்கிறது, சரசரவென்று இறங்கினால் கசிகிறது. சோதனைக்காக டெலிவரி பக்கத்து வால்வை மூடிக்கொண்டு மட்டும் மோட்டாரை ஓட விடாதீர்கள். வீட்டுக்கு வரும் சின்ன செல்ஃப் பிரைமிங் வகைகளில் பல, மூடிய நிலையில்தான் அதிக லோடு இழுக்கும்.

ஈரோட்டிலிருந்து: இவ்வளவு எதுக்கு? நான் சல்லடையையே வெட்டி எடுத்துவிட்டேன். எட்டு மாசமா ஜோரா ஏறுது.

ஏறும், ஒரு சின்னக் கல் உள்ளே போகும்வரை. அந்தச் சின்ன மோட்டார்களில் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் பித்தளை இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளிதான். கல் போனால் பிடித்துக்கொள்ளும், வைண்டிங் கருகும். மணல் போனால் சத்தமில்லாமல் தேயும், பிறகு எதைச் சுத்தம் செய்தாலும் தண்ணீர் ஏறாது. ஓட்டைகளின் மொத்தப் பரப்பு பைப் வாயைப்போல் இரண்டு மூன்று மடங்கு வருகிற பெரிய சல்லடையாக வாங்கி மாட்டுங்கள், வேகமும் குறையாது.

தாம்பரத்திலிருந்து, மறுபடியும்: சல்லடையைச் சுத்தம் செய்தேன், நீங்கள் சொன்ன பாசியேதான். ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒரு மணி நேரமானதோடு நின்றுவிட்டது. கேஜ் 1.2 காட்டுகிறது, தொட்டி 11 மீட்டர் உயரம்தான். சாயங்காலம் ஓட்டினால் இன்னும் மெதுவாக இருக்கிறது.

1.2 என்றால் டெலிவரி பைப்பை விட்டுவிடலாம். இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், சக்‌ஷன் ஜாயின்ட்டில் காற்று இழுக்கலாம், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கலாம். இங்கிருந்து சொல்ல முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் விழும் இடத்தைப் பாருங்கள். நுரையும் குமிழுமாக, விட்டு விட்டு வந்தால் காற்றுதான். சீராக வந்தால், காலையிலும் சாயங்காலமும் மோட்டார் ஓடும்போதே எலக்ட்ரீஷியனை விட்டு வோல்டேஜ் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு நேரத்து நிமிடக் கணக்கோடு எழுதுங்கள்.