படுக்கையில இருக்கிற அம்மாவுக்கு அஞ்சு நாளா தண்ணியா போகுது, நிறுத்துற மாத்திரை குடுத்தும் நிக்கல, ஏன்?

அந்த லோபரமைடு மாத்திரைய இப்போதைக்கு குடுக்காதீங்க, டாக்டர்கிட்ட இன்னிக்கே பேசுங்க. இது பேதியா இல்லாம மலச்சிக்கலா இருக்கலாம். ஆசனவாய்க்கு மேல மலம் கெட்டியா அடைச்சுக்கிட்டா, பின்னாடி தேங்குறது இளகி அத சுத்தி கசிஞ்சு வரும், மாத்திரை குடலோட அசைவ இன்னும் குறைச்சு அடைப்ப பெருசாக்கும்.

நான் வீடுகளுக்குப் போய் பாக்குற நர்ஸ். இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருந்த ஒரு பாட்டிக்கு வலி மாத்திரை டிராமடாலும் இரும்புச்சத்து மாத்திரையும் போயிட்டு இருந்துச்சு, ரெண்டுமே மலத்த இறுக்கும். மக ஒரு நாளைக்கு எட்டு டயப்பர் மாத்துறாங்க, ஆனா ஒவ்வொண்ணுலயும் உள்ளங்கை அளவு கறைதான், நாத்தம் மட்டும் தாங்கல. "கெட்டியா கடைசியா எப்பம்மா போனாங்க?"ன்னு கேட்டேன், விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு பன்னண்டு நாள்னாங்க. சாப்பாடு இறங்கல, அடிவயிறு கல்லு மாதிரி, மூத்திரமும் சரியா பிரியல. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கிளவுஸ்ல ஜெல் தடவி ஒரு விரல் விட்டா உடனே தட்டுப்படுது, காஞ்ச களிமண் மாதிரி. (விரலுக்கு எதுவும் தட்டலன்னாலும் மேல அடைச்சிருக்கலாம், அப்போ எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்.)

டாக்டர் சொன்னபடி ராத்திரி எண்ணெய் எனிமா குடுத்து ஊற விட்டோம். காலைல மரத்துப்போற ஜெல் போட்டு விரலாலயே கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு எடுத்தேன், இன்னொரு கை முழு நேரமும் நாடி மேலதான், ஏன்னா உள்ள விரல் படும்போது நாடித்துடிப்பு திடீர்னு இறங்கலாம். பாட்டி போதும்னு சொன்னதும் விட்டுட்டேன், ஒரே தடவைல எல்லாத்தையும் எடுக்கணும்னு இல்ல. தயவுசெஞ்சு இத வீட்டுல நீங்களா செய்யாதீங்க, குடல் கிழியலாம்.

அடுத்து மலத்த இளக்குற மேக்ரோகால் பவுடர், ஒரு நாளைக்கு 8 பாக்கெட்ட 1 லிட்டர் தண்ணில கலக்கி 6 மணி நேரத்துக்குள்ள குடிக்கணும், அதிகபட்சம் 3 நாள். இதய நோய் இருந்தா மணிக்கு 2 பாக்கெட்டுக்கு மேல கூடாது. விழுங்க கஷ்டப்பட்டு மாவுச்சத்து பவுடர் கலந்து கெட்டியாக்கிக் குடிக்கிறவங்களுக்கு மேக்ரோகால் அத மறுபடி தண்ணியாக்கிடும், புரையேறிடும், அத டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கிட்னி சரியில்லன்னா பாஸ்பேட் எனிமா வேண்டவே வேண்டாம்.

குடிக்க ஆரம்பிச்சதும் கசிவு கூடத்தான் செய்யும், மக பயந்து நிறுத்தப் பாத்தாங்க, நான் விடல. ரெண்டாம் நாள் சாயங்காலம் கட்டி கட்டியா நிறைய வந்து வயிறு இளகுச்சு, கசிவும் நின்னுச்சு. அப்புறமும் தினம் ஒரு பாக்கெட் தொடர்றாங்க, டிராமடால் ஓடுற வரைக்கும் அது வேணும்.

வாந்தி, வயிறு உப்பி காத்துகூட பிரியாம இருக்கிறது, ரத்தம் இதுல ஏதாவது இருந்தா மேக்ரோகால் குடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.