மூலையில் பதுங்கும் கடைசி கிங்கை வெளியே இழுப்பது எப்படி?

"சார், செக்கர்ஸில் எனக்கு ரெண்டு கிங், எதிராளிக்கு ஒண்ணே ஒண்ணு. மூலையில் இருக்கிற ரெண்டு கட்டத்துக்குள்ளேயே மாறி மாறிப் போய்க்கிட்டு இருக்கார், வெட்டவே முடியல. டிராதானா?" (தண்டையார்பேட்டை வாசகர்)

டிரா இல்லை தம்பி, ஜெயிக்கலாம். ஆனால் மூலைக்குள் வைத்து வெட்ட நினைக்காதீர்கள். அந்த ரெண்டு கட்டமும் ஓரத்தில் இருப்பதால் தாண்டிக் குதிக்கப் பின்னால் இடமே கிடையாது, அவரை வெளியே வரவைத்துத்தான் வெட்ட முடியும். கிங் ஒரு கட்டம் மட்டும் நகரும் 64 கட்ட ஆட்டத்துக்குத்தான் இது. கிங் நீளமாகப் பாயும் ஆட்டத்துக்குப் பொருந்தாது.

இடக்கைப் பக்க மூலை கறுப்பாக வரும்படி பலகையை வையுங்கள். எதிர் வரிசையின் இடது ஓரத்திலிருந்து கறுப்புக் கட்டங்களை மட்டும் எண்ணினால், வரிசைக்கு நாலாக, உங்கள் வலக்கை மூலையில் 28, 32 வரும்.

உங்கள் கிங்குகள் 27, 23-இல், அவர் 28-இல், ஆட வேண்டியது நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். 27-ஐ 32-க்கு இறக்கி அவர் வீட்டிலேயே உட்காருங்கள். இனி அவருக்கு 24-ஐத் தவிர வழியில்லை. உடனே 32-இலிருந்து 28-க்குப் போங்கள், அவர் 20-க்கு ஓடுவார், வேறு எங்கே போனாலும் வெட்டு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிட்டே போகும் ஆசையில் 23-ஐ 19-க்கு நகர்த்தினால் அவர் திரும்ப 24-க்கு வந்து உங்கள் ரெண்டு கிங்குக்கும் நடுவில் நிற்பார். குதித்து இறங்கும் கட்டங்களில் உங்கள் காய்களே இருப்பதால் வெட்ட முடியாது, உங்கள் 19 வேறு வெட்டில் மாட்டும். ஒரு எட்டு தள்ளி 18-க்குப் போங்கள். அவர் 16-க்கு வருவார், நீங்கள் 15. அப்புறம் அவர் 20-க்குப் போனாலும் 12-க்குப் போனாலும் உங்கள் பதில் ஒன்றுதான், 15-இலிருந்து 11. எதிர்நிலை என்பது இதுதான்: யாரும் யாரையும் தொடவில்லை, ஆனால் முறை அவருடையது, நகர்ந்தே ஆக வேண்டும், எங்கே நகர்ந்தாலும் வெட்டு.

சரி, உங்கள் முறை வரும்போது அவர் 28-இல் இல்லாமல் 32-இல் இருந்தால்? முறைக் கணக்கு ஒன்று தள்ளிப் போயிருக்கிறது, வெட்டு விழாதவரை அது மாறாது, சும்மா ஒரு நகர்த்தலைக் கடத்திப் பார்த்துப் பயனில்லை. பக்கத்தை மாற்றுங்கள். 27-ஐ 24-க்கு நகர்த்துங்கள், அவர் 28-க்கு வருவார். உங்கள் 24 வெட்டில் நிற்பது போலத் தெரியும், 23-ஐ 19-க்குக் கொண்டுவந்து அவர் குதித்து இறங்கும் இடத்தை அடைத்துவிடுங்கள். அவர் 32-க்குத் திரும்பியே ஆக வேண்டும், நீங்கள் 24-இலிருந்து 28-க்குப் போய் அதே வேலையைக் கீழ் ஓரம் நெடுக நடத்தலாம்: அவர் 27, நீங்கள் 32, அவர் 31, நீங்கள் 19-இலிருந்து 15, அவர் 26, நீங்கள் 18, கடைசியில் 22.