பொருளடக்கத்தை ஒட்டினால் இடைவெளி தெரியாது

கேள்வி: மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் கல்வி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். 6 முதல் 11 வரை எல்லாப் பாடங்களையும் ஒரே அட்டவணையில் கொண்டுவந்து, எது விட்டுப்போகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார் தலைமையாசிரியர். எல்லாப் புத்தகங்களின் பொருளடக்கத்தையும் எக்செலில் ஏற்றிவிட்டேன். நூற்றுக்கணக்கான வரிகள் வந்திருக்கின்றன, ஆனால் அதிலிருந்து எதுவுமே தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில்: பொருளடக்கத்தில் இருப்பவை தலைப்புகள் மட்டும்தான். அந்தப் பாடத்தில் மாணவர் என்ன செய்யவேண்டும், அதற்கு முன்பே என்ன தெரிந்திருக்கவேண்டும், அது எந்த வாரம் நடந்தது என்ற மூன்றும் தலைப்பில் இருக்காது. நீங்கள் தேடும் குறைகள் அந்த மூன்றில்தான் ஒளிந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் மூன்று பத்திகள் சேருங்கள். முதலாவதில் ஒரு மாதிரிக் கேள்வி. இரண்டாவதில், அந்தக் கேள்விக்கு விடை எழுத வேறு பாடத்திலிருந்தோ கீழ் வகுப்பிலிருந்தோ கடன் வாங்கவேண்டிய விஷயம். மூன்றாவதில், சென்ற ஆண்டு அது உண்மையில் நடத்தப்பட்ட வாரம். இந்த மூன்றாவதை ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டிலிருந்து எடுங்கள். ஆண்டுத் திட்டத்திலிருந்து எடுத்தால், நடக்கவேண்டியதுதான் தெரியும், நடந்தது தெரியாது.

எல்லாப் பாடங்களையும் ஒரே நேரத்தில் தொடவேண்டாம். 9, 10, 11 வகுப்புகளின் கணிதம், அறிவியலோடு தொடங்குங்கள். அறிவியல் கணிதத்திடமிருந்து இடைவிடாமல் கடன் வாங்குகிறது. அதனால் வரிசைக் குழப்பம் அங்கேதான் முதலில் கண்ணில் படும்.

இடைவெளி எப்படி இருக்கும் என்பதற்குப் பத்தாம் வகுப்பு வேதியியலைப் பாருங்கள். வேதிவினைகளின் வகைகள் பாடத்தில் pH = −log₁₀[H⁺] என்ற வாய்ப்பாடு வருகிறது. கடன் பத்தியில் ‘மடக்கை’ என்று எழுதிவிட்டு, அது எந்த வகுப்பில் முதலில் கற்பிக்கப்படுகிறது என்று தேடுங்கள். 9, 10 கணிதப் புத்தகங்களில் அதற்குப் பாடம் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அடிப்படை இயற்கணிதம் வரும்போதுதான் வருகிறது. இப்போது மாதிரிக் கேள்விக்கு வாருங்கள். H⁺ செறிவு 0.01 என்றால் அது 10⁻², எனவே pH 2. பத்தின் அடுக்குகளை ஒன்பதாம் வகுப்பிலேயே அறிவியல் குறியீட்டில் பார்த்திருப்பதால் மாணவர் சமாளித்துவிடுவார். செறிவு 0.003 என்று மாற்றிக் கொடுத்தால் log 3 வேண்டும், அங்கே நின்றுவிடுவார். ஆக இடைவெளி முழுப் பாடத்திலும் இல்லை, ஒருவகைக் கணக்கில் மட்டும் இருக்கிறது. கணித ஆசிரியர் ஒரு பாடவேளை எடுத்து, ‘10-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும்’ என்ற பொருளில் மடக்கையை அறிமுகப்படுத்தினால் போதும். pH ஒன்று குறைந்தால் H⁺ செறிவு பத்து மடங்கு ஏறுகிறது என்பது அப்போதுதான் மாணவருக்குப் பிடிபடும். இல்லையென்றால் வாய்ப்பாடு வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

வரிசைக் குழப்பத்துக்குப் பதினொன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் இரண்டாவது அலகு இயக்கவியல். அதற்கு வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் தேவை. கணிதத்தில் இவை மூன்றுமே இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. வெக்டர் 8-வது பாடம், எல்லைகளும் வகையிடலும் 9, 10, தொகையிடல் 11. இயற்பியல் புத்தகமே இவற்றுக்குச் சிறு அறிமுகம் தருகிறது. எனவே இயற்பியல் ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்திலேயே வகையிடலைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார். மாதங்கள் கழித்துக் கணித ஆசிரியர் அதை முதலிலிருந்து தொடங்குவார். ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை பாடவேளை செலவாகிறது, அதுவும் தேவைப்பட்ட நேரத்தில் சரியாகக் கிடைக்கவில்லை.

இதன் விளைவை வகுப்பில் எளிதாகச் சோதிக்கலாம். வகையிடல் முடித்த மாணவரிடம் y = 3x² + 2x என்று கொடுத்தால் 6x + 2 என்று உடனே எழுதுவார். x = 3t² + 2t, வேகம் என்ன என்று கேளுங்கள். பலர் தடுமாறுவார்கள். கணித வகுப்பில் எப்போதும் வலப்பக்கம் நின்ற x இங்கே இடப்பக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான் வேறுபாடு. விடை 6t + 2, t = 2 எனில் 14. இரண்டு ஆசிரியர்களும் ஒரே குறியீட்டில் ஒரு வாரம் பேசியிருந்தால் இந்தத் தடுமாற்றமே வராது.

சரி, கணிதப் பாடங்களை முன்னே நகர்த்திவிடலாமா? முழுதாக முடியாது, காரணத்தையும் கடன் பத்தியே சொல்லும். வெக்டர் பெருக்கலுக்கு அணிக்கோவை வேண்டும், அது 7-வது பாடம். sin x-ஐ வகையிட முக்கோணவியல் வேண்டும், அது 3-வது. அதோடு காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கான பாடப்பகுதியும் கையைக் கட்டிப்போடும். எனவே நான் பரிந்துரைப்பது இதுதான்: கல்வியாண்டின் தொடக்கத்தில் கணித ஆசிரியர் நான்கைந்து பாடவேளைகளை ஒதுக்கட்டும். மாறும் வீதம், வரைபடச் சாய்வு, xⁿ-ஐ வகையிடுவது, அதைத் திருப்பிச் செய்வது, வெக்டர்களைக் கூறுகளாகப் பிரிப்பது, இவ்வளவு போதும். எடுத்துக்காட்டுகளில் பாதி நேரத்தையும் தூரத்தையும் பற்றியதாக இருக்கட்டும். இயற்பியல் ஆசிரியர் தன் அறிமுகப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு நேராக இயக்கவியலுக்குப் போகலாம். இரண்டாம் தொகுதிக்கு வரும்போது கணித ஆசிரியருக்கு எல்லையின் நுட்பங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். சுருங்கச் சொன்னால், பாடவேளை கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

திரும்ப வருவதையெல்லாம் வெட்டிவிடவும் கூடாது. ‘அளவீடு’ என்ற தலைப்பு 6, 7, 8, 9, அப்புறம் 11 என்று வந்துகொண்டே இருக்கும். உங்கள் எக்செலில் இது அப்பட்டமான கூறியது கூறலாகத் தெரியும். மாதிரிக் கேள்விகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழில் அடர்த்தி, ஒன்பதில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும், பதினொன்றில் பிழைக் கணக்கீடும் பரிமாணப் பகுப்பாய்வும். இது வளர்ச்சி. ஆனால் ஏழு அடிப்படை அளவுகளின் அட்டவணை திரும்பத் திரும்ப வருகிறதே, அது தேவையற்றது. சந்தேகம் இருந்தால் மேல் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் முன்பே அதன் மாதிரிக் கேள்வியை ஒரு துண்டுத்தாளில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் சரியாக எழுதினால் அந்தப் பகுதியை ஐந்து நிமிட நினைவூட்டலாகச் சுருக்கலாம். எழுதவில்லை என்றால், முன்பே ‘நடத்தப்பட்டது’ என்று அட்டவணை சொன்னாலும் மறுபடி நடத்தத்தான் வேண்டும். நடத்தியதைத்தான் அட்டவணை காட்டும், கற்றதைக் காட்டாது.

இன்னொன்று, புத்தகம் மாறும் ஆண்டுகளில் அட்டவணையை வகுப்புவாரியாக மட்டும் படிக்காமல், ஒன்றாக வகுப்பு ஏறிவரும் மாணவர் அணிவாரியாகவும் படியுங்கள். 2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும் புதிய புத்தகங்கள் வந்தன. அப்போது பழைய எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து புதிய ஒன்பதுக்குத் தாவிய மாணவருக்கு, இரண்டு திட்டங்களும் தனித்தனியே முழுமையாக இருந்தும் நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம். அப்படி விட்டுப்போனது புதிய புத்தகங்களை மட்டும் அடுக்கிப் பார்த்தால் தெரியாது.

அட்டவணை தயாரானதும் எல்லா ஆசிரியர்களையும் கூட்டாதீர்கள். கடன் கொடுப்பவர், வாங்குபவர் என்று இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் யார், எந்த வாரம், எத்தனை பாடவேளை, எந்தக் குறியீடு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவு எட்டாத வரிகளை மட்டும் தலைமையாசிரியரிடம் கொண்டுபோங்கள், ஏனென்றால் அவற்றுக்குக் கால அட்டவணையை மாற்றவேண்டியிருக்கும்.