எண்ணெய் குறைந்தாலும் பலாக்கொட்டை வறுவல் ருசிக்க

கேள்வி: "கடலூரில் இருக்கிறோம். வீட்டில் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பலாக்கொட்டையை குக்கரில் வேகவைத்து, மசாலா தடவி ஏர் ஃப்ரையரில் போட்டேன். கல் மாதிரி ஆகிவிட்டது, மிளகாய்த்தூள் பச்சை வாடையும் போகவில்லை. என்ன செய்வது?"

எண்ணெய் கொட்டைக்குத் தேவையில்லை, மசாலாவுக்குத்தான் தேவை. கொட்டையை வேகவைக்க குக்கர் இருக்கிறது, மேலே சிவக்க வைக்கச் சூடான காற்று இருக்கிறது. ஆனால் மிளகாய்த்தூளின் நிறமும் மணமும் எண்ணெயில்தான் இறங்கும். தண்ணீரில் குழைத்துத் தடவினால் காற்றில் வெறுமனே காய்ந்து, பச்சை வாடையோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கால் கிலோ பலாக்கொட்டைக்கு இரண்டு தேக்கரண்டி கடலெண்ணெய் போதும். மேல்தோலை உரித்துவிட்டு, மூழ்கும் அளவு தண்ணீரும் உப்பும் சேர்த்து, மிதமான தீயில் மூன்று விசில் விடுங்கள். பண்ருட்டிப் பக்கம் பழத்துக்குப் பழம் கொட்டையின் அளவு மாறும், அதனால் விசிலை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், எளிதாகப் பிளக்க வேண்டும். உங்களுக்குக் கல்லானதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: அரைவேக்காட்டில் எடுத்தால் ஏர் ஃப்ரையர் மிச்ச ஈரத்தையும் இழுத்து இறுக்கிவிடும், அதற்கு மேல் வேகாது.

வெந்ததை வடித்து, இரண்டாக நறுக்கி, துணியில் பத்து நிமிடம் பரப்புங்கள். மேல் ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது.

சின்ன வாணலியில் எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, முக்கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சோம்புத்தூள், சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கிளறுங்கள். எண்ணெய் சிவந்து வாசம் வந்ததும் கொட்டையைக் கொட்டிப் புரட்டுங்கள். அடுப்பு எரியும்போதே தூளைப் போட்டால், எண்ணெய் குறைவு என்பதால் நொடியில் கருகிக் கசக்கும். கடைசியில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தூவிப் பிசறுங்கள்.

180 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், ஒற்றை அடுக்காக. குவித்துப் போட்டால் அடியில் இருப்பது ஆவியில் வேகுமே தவிர வறுபடாது. பாதி நேரத்தில் ஒரு முறை குலுக்குங்கள். தட்டிய பூண்டும் கறிவேப்பிலையும் கடைசி இரண்டு நிமிடத்தில்தான். கறிவேப்பிலையை எண்ணெயில் புரட்டிக் கொட்டைக்கு அடியில் செருகிவிடுங்கள். இல்லையென்றால் காற்றில் பறந்து மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டித் தீயும்.

சுறாப் புட்டுக்கும் இந்தக் கணக்கே பொருந்தும். இட்லிப் பானையில் மஞ்சளும் உப்பும் தடவிய சுறாவைப் பத்து நிமிடம் அவித்து, தோலை உரித்து, உதிர்த்து நன்றாகப் பிழியுங்கள். நீர் நின்றால் புட்டு உதிராமல் களியாகிவிடும். சின்ன வெங்காயத்தை இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் உப்புப் போட்டு மூடி வதக்கினால், அதுவே விடும் நீரில் குழையும். பிறகு திறந்து நீரை வற்றவிட்டு மீனைச் சேருங்கள்.

பஜ்ஜி மட்டும் ஏர் ஃப்ரையரில் வராது. மாவு இறுகும் முன்பே கூடையின் ஓட்டை வழியாக ஒழுகிவிடும்.