முகம் தெரியாமல் பார்த்த ஜாதகங்கள்

"அண்ணன் வேலை மாறுவான் என்று ஜோதிடர் சொன்னது பலித்ததிலிருந்து அம்மா அவரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை. பார்க்காமலே பொய் என்று சொல்லவும் மனமில்லை. யாராவது இதை முறையாகச் சோதித்திருக்கிறார்களா?"
— வாசகர், சுங்கை சிப்புட்

சோதித்திருக்கிறார்கள், அதுவும் நம்முடைய ஜாதக முறையையே. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் சிலரோடு சேர்ந்து புனேயில் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2009இல் வெளியானது. ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள் என்று காட்டிய 100 மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கணித்து ஒன்றாகக் கலந்தார்கள். முன்வந்த 51 ஜோதிடர்களுக்கும் ஆளுக்கு 40 ஜாதகங்கள் போயின. ஒவ்வொன்றும் எந்த வகைப் பிள்ளையுடையது என்பது மட்டுமே கேள்வி.

27 பேர் பதில் அனுப்பினார்கள். சரியாக வந்தவை 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டியிருந்தாலே பாதி கிடைத்திருக்கும். முதலிடம் பிடித்தவர் 40இல் 24ஐச் சரியாகச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 27 பேர் ஆளுக்கு 40 முறை நாணயம் சுண்டினால், அவர்களில் மூன்று நான்கு பேர் 24ஐத் தொட்டுவிடுவார்கள். 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனத்துக்கு 102 சரியாக வந்தது.

ஜோதிடர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த நேரம் பெற்றோர் சொன்னது. லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை மாறும். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்த என் அப்பாவின் ஜாதக நோட்டில் "பெரட்டுக்கு முன்" என்றுதான் எழுதியிருக்கிறது! நேரம் தவறினால் பலனும் தவறும் என்பார்கள். ஆனால் நேரில் வருகிறவர்களிடமும் அவர்கள் அதே மாதிரி நேரத்தை வைத்துத்தானே பலன் சொல்கிறார்கள்? இன்னொன்று, அந்தச் சோதனை அறிவுத்திறனை மட்டுமே பார்த்தது. திருமணப் பொருத்தத்தையோ தசாபுத்திப் பலனையோ அது தொடவில்லை.

புனேயில் ஜோதிடருக்குக் கிடைக்காதது எதிரே உட்கார்ந்திருக்கும் முகம். உங்கள் அம்மா போனபோது அண்ணன் வேலையில் சலித்துப்போயிருந்தாரா, அதை அம்மாவே சொன்னாரா, எந்த மாதம் என்று ஜோதிடர் குறித்துச் சொன்னாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சென்ற ஆண்டு வேலை மாறிய ஒருவரின் ஜாதகத்தையும், மாறாத, அதே வயதுள்ள நால்வரின் ஜாதகங்களையும் பெயரின்றி எழுதுங்கள். யாருடையது எது என்று தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, உங்கள் குடும்பத்தை அறியாத ஜோதிடரிடம் அனுப்புங்கள். மாறியவர் யார் என்று அவர் எழுதித் தரட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஐந்தில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதால், வேறு வேறு ஆட்களை வைத்து நான்கைந்து தடவை செய்யுங்கள். விடையை உறையிலிட்டு ஒட்டி அம்மாவிடமே கொடுத்து வையுங்கள். பிரிப்பதும் அவராகவே இருக்கட்டும்.