தேரி மணலும் வலது மணிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

நான் உடன்குடி பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. தார்ச்சாலையிலிருந்து பள்ளிக்குப் போகும் கடைசி அரை கிலோமீட்டர் முழுக்கத் தேரி மணல், காற்று குவித்த செம்மணல். நோட்டுப் பையை முன் கொக்கியில் மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் தொங்கவிட்டு, மெதுவாகத்தான் ஸ்கூட்டரை ஓட்டுகிறேன். கொஞ்சம் ஆடினாலே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இடக்கை பிரேக்கைப் பிடித்துவிடுவேன். அப்படியும் ஆனியில் ஒரு முறை மணலுக்குள் விழுந்தேன். ஆடியில் தார்ச்சாலை வளைவிலேயே விழுந்தேன். பட்டன் டயர் போட்டால் சரியாகிவிடுமா? புல்லட் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

எஸ்., உடன்குடி

அன்புள்ள எஸ்.,

அடி ஒன்றும் பெரிதாக இல்லை என்று நம்புகிறேன். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் டயரைப் பற்றிக் கேட்டிருப்பதால், கை கால் நன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து, தேரிக்குடியிருப்புப் பக்கம் போகும்போதெல்லாம் இளம்பிள்ளைகள் மணலில் வண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வெளியே திட்டுவதற்கு ஒருவர் கிடைத்திருக்கிறீர்கள்.

டயரை விடுங்கள். பட்டன் டயர் ஈரமண்ணிலும் சரளையிலும் கவ்விப் பிடிக்கும்; காய்ந்த தேரி மணலில் கவ்வுவதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. உங்கள் வண்டியில் மாற்ற வேண்டியது ரப்பர் அல்ல, அதை ஓட்டுகிறவரின் வலது மணிக்கட்டு.

உலர்ந்த ஆழமணலில் சக்கரம் உருளும்போது, அதற்கு முன்னால் மணல் ஒரு சிறு மேடாகக் குவிகிறது. சக்கரம் அந்த மேட்டின் மேல் ஏறிக்கொண்டே இருந்தால் வண்டி ஓடும்; மேட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போனால் நிற்கும். ஏறுவதா குத்துவதா என்பதைத் தீர்மானிப்பது முன்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம். ஆக்ஸிலேட்டர் சிறிதளவு திறந்தே இருக்கும்போது பின்சக்கரம் வண்டியை முன்னே தள்ளுகிறது, பாரம் பின்னால் சாய்கிறது, முன்சக்கரம் இலேசாகி மேலேறுகிறது. நீங்கள் பயந்து ஆக்ஸிலேட்டரை மூடிய கணத்தில் இவை அத்தனையும் தலைகீழாகின்றன. தார்ச்சாலையில் ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி தன்போக்கில் கொஞ்ச தூரம் ஓடும். மணலோ யாரோ பிரேக் பிடித்ததுபோல உடனே இழுத்துப் பிடிக்கும். பாரம் முன்னால் பாய்கிறது, முன்சக்கரம் புதைகிறது, முன்னால் குவிந்த மணல் அதை ஒரு பக்கமாகத் திருப்புகிறது, ஹேண்டில்பார் கையை விட்டு மடிகிறது. ஆடியதால் விழுந்தோம் என்று நினைக்கிறீர்கள். ஆட்டம் மணலில் இயல்பானது. அதைக் கண்டு மூடியதால்தான் விழுந்தீர்கள்.

இடக்கை பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், அதையும் இப்போதே கைவிடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் 125 சிசி வரையிலான வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லையென்றால், இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் அமைப்பு கட்டாயம். இத்தகைய ஸ்கூட்டரில் இடக்கை பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரமும் ஓரளவு பிடிபடும். தார்ச்சாலையில் உயிர்காக்கும் அதே ஏற்பாடு, மணலில் நீங்கள் கேட்காமலே முன்சக்கரத்தைப் புதைத்துவிடும். ஆகவே மணலுக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், ஆக்ஸிலேட்டரை முற்றிலும் மூடாமல் ஒரு நூலளவு குறைப்பதே போதும்; மீதியை மணலே பார்த்துக்கொள்ளும்.

ஸ்கூட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் கிளட்ச் எஞ்சின் வேகத்தால் தானே பிடித்து, வேகம் இறங்கினால் தானே விட்டுவிடும் வகை. நீங்கள் ஆக்ஸிலேட்டரை மூடியதும் மணல் வண்டியை இரண்டு மூன்று மீட்டருக்குள் நடைவேகத்துக்கு இறக்கிவிடும், கிளட்ச் விடுபட்டுவிடும். பதறி மறுபடியும் முறுக்கினால், எஞ்சின் முதலில் வெறுமனே உறுமும், பிறகு சட்டென்று பிடிக்கும். அந்த உதறலில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். மோட்டார் சைக்கிள்காரருக்கு இரண்டாவது கியர் என்று ஒன்று இருக்கிறது. மணலுக்கு முன்பே அதைப் போட்டுக்கொண்டு, கிளட்சைத் தொடாமல் கடந்துவிடலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை, ஆக்ஸிலேட்டரை மூடாமலிருப்பதுதான் உங்கள் கியர்.

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்த பாடம் அல்ல. என் பெரியப்பா உடன்குடிக் கருப்பட்டியைச் சிப்பத்தில் கட்டி, டிவிஎஸ் 50 வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, தேரிக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கும் கடைகளுக்கும் போய்வருவார். பள்ளி விடுமுறையில் சிப்பத்துக்கும் அவருக்கும் நடுவே என்னை நெருக்கி உட்கார வைத்துக்கொள்வார். அவர் முதுகில் காதை வைத்தபடி நான் கேட்ட எஞ்சின் சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பனைகளுக்கு நடுவே அது ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. முன்சக்கரம் இடமும் வலமுமாகப் பாம்புபோல நெளிந்துகொண்டிருக்கும். அவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கமாட்டார், அதைத் தன்பாட்டுக்கு ஆடவிட்டு, தூரத்தில் தெரியும் ஒரு பனையையே பார்த்துக்கொண்டிருப்பார். “கீழ பாக்காதல, கீழ பாத்தா கீழதான் போவ” என்பார். அந்த வண்டிக்குப் பதினாறு அங்குலச் சக்கரம். மணல்மேட்டில் ஏறுவதற்கு உங்கள் ஸ்கூட்டரின் பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரத்தைவிட அது மேல். பாரமும் பின்னால் இருந்தது. இந்த இரண்டையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அதே வண்டியை வாங்கிப்போன எங்கள் தெருப் பையன்கள் அதே தேரியில் விழுந்து எழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கையை எப்படி வைப்பது என்பதைச் சொல்லாமல் மூடாதீர்கள் என்று மட்டும் சொல்வது வீண். குலுக்கலில் உடம்பு முன்னும் பின்னும் போகும்போது, கை உங்கள் அனுமதி இல்லாமலே ஆக்ஸிலேட்டரைத் திறந்து மூடும். அதைத் தடுக்க, வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலின் அடியையும் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சுழலாத சுவிட்ச் பெட்டியின்மேல் பட்டும் படாமலும் ஊன்றிக்கொள்ளுங்கள். கைப்பிடி சுழன்றாலும் பெட்டி அசையாது. விரல் அதன்மேல் இருக்கும்வரை எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். முழங்கையைச் சற்று வெளிப்பக்கம் உயர்த்தி மடக்கி வையுங்கள். கை நேராக விறைத்திருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் ஆக்ஸிலேட்டருக்குப் போகும். மடங்கியிருந்தால் முழங்கை அதை வாங்கிக்கொள்ளும்.

காலைத் தொங்கவிடுவதைப் பற்றி நான் கோபப்படாமல் எழுத முயல்கிறேன். தொங்கும் கால் எதையும் தாங்காது. உடம்பின் முழுப் பாரமும் சீட்டில் விழுந்து, சமநிலைக்குக் கைகளைத்தான் நம்ப வேண்டியதாகிறது. கை இறுகுகிறது, மணிக்கட்டு மூடுகிறது. போதாக்குறைக்கு, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கணுக்கால்தான் முதலில் அடியில் சிக்கும். சீட்டில் ஒரு சாண் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரைப்பலகையில் அழுத்தி ஊன்றுங்கள். பைக்கில் போகிறவர் எழுந்து நின்று டாங்கை முழங்காலால் பிடித்துக்கொள்வார். உங்களுக்கு முழங்காலுக்கு நடுவே பிடிக்க ஒன்றுமில்லை, ஆகவே நிற்க வேண்டாம். வண்டி நடைவேகத்துக்கு வந்துவிட்ட பிறகு காலால் உந்துவது வேறு, அது தவறில்லை. முன் கொக்கியில் தொங்கும் நோட்டுப் பை நான் மேலே எழுதிய அத்தனைக்கும் எதிரி. ஐம்பது பிள்ளைகளின் நோட்டைப் புதையக்கூடாத சக்கரத்தின் பக்கமாகவா அம்மா தொங்கவிடுவது? சீட்டுக்கு அடியில் வையுங்கள், அல்லது முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் அரை கிலோமீட்டரை இப்படிக் கடக்கலாம். தார் முடிந்து கெட்டித்தரை இருக்கும் இடத்திலேயே மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவிட வேண்டும். மணலுக்குள் போய் வேகமெடுக்கப் பார்த்தால் பின்சக்கரம் தோண்டத்தான் செய்யும். மணல் தொடங்கும் இடத்தில் வண்டி இழுபடும்; அப்போது ஒரு நூலளவு கூடுதலாகத் திறந்து அப்படியே வைத்திருங்கள். கண் முப்பது, நாற்பது அடிக்கு அப்பால் இருக்கட்டும். முன்பு போன வண்டியின் தடம் இருந்தால் அதற்குள்ளேயே போங்கள், அங்கே மணல் கொஞ்சம் அமுங்கியிருக்கும். பாதி வழியில் தடத்தை விட்டு வெளியே ஏறப் பார்க்காதீர்கள். அதன் விளிம்பு சாய்ந்த சுவர், முன்சக்கரம் அதில் உரசிக்கொண்டே போய்க் கவிழ்த்துவிடும். கெட்டித்தரை வந்து பின்சக்கரமும் அதன்மேல் ஏறிய பிறகே பிரேக்.

வண்டி நின்றே போனால் முறுக்காதீர்கள். பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியும் நகரவில்லை என்றால் அடுத்த சுற்று ஆழத்துக்குத்தான் போகும். பெல்ட் கருகும் வாடை வந்தால் ஏற்கெனவே காலம் கடந்துவிட்டது. இறங்குங்கள், புதைந்த வண்டி ஸ்டாண்டு இல்லாமலே நிற்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் தள்ளிவிட்டு, வண்டியின் பக்கத்தில் நடந்தபடி இலேசாக ஆக்ஸிலேட்டரைத் திறந்து தள்ளுங்கள்.

தார்ச்சாலை வளைவில் விழுந்தது முற்றிலும் வேறு சங்கதி. ஆடிக் காற்று தேரி மணலை அள்ளிவந்து சாலையின் மேல் விரல் கனத்துக்குப் பரப்பிவிடுகிறது. அங்கே சக்கரம் புதைவதில்லை. கெட்டித்தாரின் மேல் கிடக்கும் மணலில் வழுக்குகிறது. ஆழமணலுக்கு வேண்டிய வேகம் இங்கே வேண்டாம். சிவப்புப் படலம் தெரிவதற்கு முன்பே, சுத்தமான தாரிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, வண்டியைச் சாய்க்காமல் நிமிர்ந்தபடி, கூட்டாமலும் குறைக்காமலும் கடந்துவிட்டுப் பிறகு திரும்ப வேண்டும். மணலுக்குள் மெதுவாகவும் வளைவில் வழக்கமான வேகத்திலும் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் செய்ய வேண்டியதை மாற்றிச் செய்திருக்கிறீர்கள்.

மழைக்குப் பிறகு தேரி மணல் இறுகிவிடும், ஐப்பசி கார்த்திகையில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. ஆனால் மாற்றலாகி விளாத்திகுளம் பக்கம் போனால் இவற்றை அங்கே கொண்டுபோகாதீர்கள். நனைந்த கரிசல் சக்கரத்தில் கட்டி கட்டியாக ஒட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்து, சக்கரத்தையே சுற்றவிடாமல் நிறுத்திவிடும். அங்கே எந்த மணிக்கட்டும் உதவாது. வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் வழி.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: புல்லட் 190 கிலோவுக்கு மேல், உங்கள் ஸ்கூட்டர் ஏறக்குறைய 110. அந்தக் கூடுதல் பாரமும் மணலில் புதையத்தான் போகிறது, சாய்ந்தால் பள்ளியிலிருந்து யாராவது வந்துதான் தூக்கிவிட வேண்டும். அவருக்கு ஆசை இருந்தால் அவருக்கென்று வாங்கிக்கொள்ளட்டும்.